ரூத் பொறுக்கிய எப்பா எத்தனை லிட்டர்?

கேள்வி: எங்கள் சபையில் ரூத் புத்தகத்தை எளிய தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். எப்பா என்ற அளவை லிட்டர், கிலோ என்று மாற்றிவிடலாமா?

வசனத்துக்குள் மாற்றாதீர்கள். வேண்டுமானால் அடிக்குறிப்பில் போடுங்கள், அதுவும் "சுமார்" என்ற சொல்லோடு.

குத்தாலம் பக்கத்தில் நாங்கள் சிலர் இதே வேலையைச் செய்தோம். ரூத் 2:17-ல் பழைய தமிழ் வேதாகமம் எப்பாவை மரக்கால் என்று சொல்கிறது. அப்படியே வைத்து, வாழ்நாள் முழுக்க அறுப்புக்குப் போன பெண்களுக்கு வாசித்துக் காட்டினோம். ஒரு ஆத்தா உடனே கேட்டார், "காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் பொறுக்கி, அடிச்சு, ஒரு மரக்கால்தானா? பாவம் அந்தப் பொண்ணு."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் 12 மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை, மூட்டை ஏறக்குறைய 60 கிலோ நெல். அப்படியென்றால் ஒரு மரக்கால் இரண்டரை கிலோ. எப்பாவோ, குறைந்த மதிப்பீட்டில் பார்த்தாலும், 13 கிலோ வாற்கோதுமைக்குக் கிட்டத்தட்ட வரும். அதாவது ஐந்து மரக்காலுக்கு மேல். கதையில் போவாஸ் அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போடச் சொல்கிறான், மாமியார் அளவைப் பார்த்துவிட்டு "இன்று எங்கே பொறுக்கினாய்" என்று கேட்கிறாள். பொறுக்கப் போனவளுக்கு இவ்வளவா என்று கேட்கிறவர் வியக்க வேண்டிய இடம் அது, எங்கள் ஆத்தாவோ பரிதாபப்பட்டார்.

பழைய மொழிபெயர்ப்பைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஏசாயா 5:10-ல் அதே மரக்கால் பொருத்தமாக உட்காருகிறது. கல விதை விதைத்து மரக்கால் விளைச்சல் காண்பது என்றால் டெல்டாவில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். மூலத்தில் பத்துக்கு ஒன்று, நம் கணக்கில் பன்னிரண்டுக்கு ஒன்று, ஆனாலும் விதை நெல்லே திரும்பவில்லை என்ற அடி நெஞ்சில் விழுகிறது. அங்கே 220 லிட்டர், 22 லிட்டர் என்று போட்டால் அந்த அடி காணாமல் போய்விடும். ஆக, அந்த இடத்தில் எண் எதற்காக வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். விகிதம் சொல்ல வந்ததா, அல்லது உண்மையான அளவைக் காட்ட வந்ததா?

சரி, அப்போ ரூத்தில் 22 லிட்டர் என்று எழுதினால் என்ன என்று எங்களில் ஒருவர் விடாமல் கேட்டார். அந்த 22 எங்கிருந்து வந்தது? எசேக்கியேல் 45:11 எப்பாவும், எண்ணெய் போன்றவற்றை அளக்கும் பாத்தும் ஒரே கொள்ளளவு என்கிறது. "பாத்" என்று எழுத்துப் பொறித்த பழைய ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. முழு ஜாடி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துப் போட்ட கணக்கு அது. அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சொல்கிற அறிஞர்களும் உண்டு. போதாததற்கு எபிரெய வசனமே "ஏறக்குறைய ஒரு எப்பா" என்றுதான் சொல்கிறது. மூலத்தில் கண்ணளவாகச் சொன்னதை நாம் தராசில் வைத்து நிறுத்த மாதிரி எழுதுவது சரியில்லை.

நாங்கள் கடைசியில் வசனத்தில் "ஏறக்குறைய ஒரு எப்பா" என்றே வைத்தோம். கீழே குறிப்பில், "பத்துப் பேர் ஒரு நாள் சாப்பிடும் தானியம், சுமார் 20 லிட்டரோ அதற்கு மேலோ" என்று போட்டோம். இந்தப் பத்துப் பேர் கணக்கு நாங்கள் கட்டியதல்ல. யாத்திராகமம் 16-ல் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓமர் மன்னா, ஓமர் என்பது எப்பாவில் பத்தில் ஒன்று. மாமியார் மருமகள் இருவருக்கும் ஐந்து நாள் சாப்பாடு என்று சொன்னதும் பெண்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

அளவு என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன குறுவையில் நெல் போட்ட இடத்தில் சாக்கு எடை, ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை கழித்தார்கள், கேட்டால் அடுத்த வண்டியைப் பார் என்றார்கள். லேவியராகமம் 19:36-ல் சரியான மரக்கால் வேண்டும் என்று ஏன் கட்டளையே போட்டார்கள் என்று எங்களுக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம், நீங்கள் 3:15-க்கு வரும்போது கவனம். போவாஸ் போர்வையில் அளந்து போட்டது எபிரெயத்தில் வெறும் "ஆறு வாற்கோதுமை", அலகே இல்லை. முந்தின அதிகாரத்து எப்பாவை இங்கே ஒட்டிவிட்டால் 80 கிலோ ஆகிவிடும், ஒரு பெண் விடியற்காலையில் போர்வையில் முடிந்து ஊருக்குள் சுமந்து போக முடியாது. "ஆறு அளவு" என்று எழுதிவிட்டு, எந்த அளவு என்று மூலம் சொல்லவில்லை என்பதைக் குறிப்பில் போடுங்கள்.