90 லட்சம் குத்தகையின் இன்றைய மதிப்பு

“பட்டறைக்கான நிலத்தின் விலை 100 லட்சம். குத்தகை என்றால் ஆண்டுக்கு 6 லட்சம், 15 ஆண்டுக்கு 90 ஆகிறது. பேசாமல் வாங்கிவிடலாமா?”

அந்த 90-ஐ விலையோடு நேரே ஒப்பிடாதீர்கள். பதினைந்தாம் ஆண்டு கட்டும் 6 லட்சம், 10% வட்டியில் இன்றைக்கு ஒன்றரை லட்சம்கூட இல்லை: அதைவிடக் குறைந்த தொகையை இன்று வட்டிக்குப் போட்டாலே அப்போது 6 லட்சம் ஆகிவிடும். அந்தத் தொகைதான் அதன் இன்றைய மதிப்பு. ஆண்டு முடிவில் கட்டுவதாக வைத்தால், மொத்தக் குத்தகையின் இன்றைய மதிப்பு 45.6 லட்சம்தான்.

வாங்கினால் 100 போகும், ஆனால் நிலம் கையில் நிற்கும். விலை ஆண்டுக்கு 4% ஏறினால் 15 ஆண்டில் 180 லட்சம். அதன் இன்றைய மதிப்பு 43. நிகரச் செலவு 57. குத்தகையே மலிவு.

ஆனால் கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். குத்தகை ஆண்டுதோறும் 5% கூடும் என்று ஒரு வரி இருந்தால், 45.6 என்பது 60 ஆகிவிடும். அப்போது வாங்குவதே மேல். நீங்கள் போடும் கொட்டகை முடிவில் நிலக்காரருக்கே போகுமென்றால், அப்போது கொட்டகைக்கு இருக்கும் விலையையும் இன்றைய மதிப்பாக்கிக் குத்தகைக் கணக்கில் சேருங்கள்.