காது கேட்கவில்லை என்பதை முதலாளிக்கு எழுதிக் கொடுத்தீர்களா?

கேள்வி: "சேலம் சிவதாபுரம் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 13 வருஷமா கிரைண்டர், கட்டிங் மெஷின் ஓட்டுறேன். வயசு 42, சம்பளம் 18,000. மொத்தம் ஆறு பேர்தான், இ.எஸ்.ஐ. கிடையாது. ரெண்டு வருஷமா ராத்திரி காதுல 'ஙொய்ங்'னு சத்தம். பொண்ணு போன்ல பேசினா பாதி புரியல. கடையில 'செவிட்டு மாமா'ன்னு கேலி. முதலாளியோ 'ஆடிக்கு ஆடி பம்பை அடிக்கிறியே, அதுல போயிருக்கும்'ங்கறார். 50,000 தரேன், ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு வேலையை விட்டுப் போன்னு சொல்றார். 13 வருஷம் உழைச்ச என்னை இப்படிப் பேசலாமா? கேஸ் போட்டால் ஜெயிக்குமா?"

பதில்: கேலிக்கும் பேச்சுக்கும் இந்த வழக்கில் மதிப்பு இல்லை, அதை மனுவில் எழுத வேண்டாம். "காது கேட்கவில்லை, இந்த வேலைச் சத்தத்தால் வந்தது" என்று முதலாளிக்குத் தேதியோடு எழுதிக் கொடுத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதிக் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

சத்தத்தால் வரும் கேட்கும் திறன் இழப்பு 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது. இப்போது அந்த ஏற்பாடு 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. மனுவை எந்தச் சட்டத்தின் பெயரில் போடுவது என்பதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். பழைய சட்டத்தின் கணக்கு இது: ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலை பார்த்திருந்தால் நோய் அந்த வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை முதலாளிக்குத்தான். அப்புறம், வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பவருக்கு மனு போடும் இரண்டு வருடக் கெடு நீங்கள் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும். வேலையை விட்டபின் அறிகுறி தெரிந்தால், விட்ட இரண்டு வருடத்துக்குள் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கோ விடுவதற்கு முன்பே அறிகுறி இருக்கிறது. எழுதிக் கொடுக்காமல் விலகினால், பிறகு "அப்போதே தெரியும், ஏன் சும்மா இருந்தீர்?" என்று கேட்பார்கள். அதனால் அறிவிப்பு முதலில், பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு போகட்டும். பேச்சுவார்த்தையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆடியோகிராம், அதாவது காது எந்த அலைவரிசையில் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் சோதனை. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஷிஃப்ட் முடிந்த கையோடு சோதனைக்குப் போனால் காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும். ராத்திரி அந்த 'ஙொய்ங்' சத்தம் வந்து, விடிந்தால் குறைவது இதன் அடையாளம். அப்போது எடுத்த அறிக்கையில் இழப்பு அதிகமாகத் தெரியும், எதிர்த்தரப்பு ஒரு மாதம் கழித்து மறுசோதனை கேட்கும், எண் குறையும், உங்களைப் பொய்யர் ஆக்கிவிடுவார்கள். குறைந்தது 14 மணி நேரம் பட்டறைச் சத்தமும் பம்பையும் இல்லாமல் இருந்து, ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்கள் காலை வேலைக்குப் போகும் முன் எடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். காற்று வழி, எலும்பு வழி இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். எலும்பு வழியும் சேர்ந்து இறங்கியிருந்தால் குறை உள்காதில், காதுச் சீழோ மெழுகோ காரணமில்லை. இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கி 8,000-இல் மறுபடி ஏறினால் அது சத்தத்தின் கையெழுத்து. வயதாகி வரும் இழப்பில் கோடு கடைசிவரை சரிந்துகொண்டே போகும். மகளின் பேச்சு முதலில் புரியாமல் போனதற்கும் இதுதான் காரணம். உயர்ந்த குரலும் ச, ஸ போன்ற ஒலிகளும் அந்த உயர் அலைவரிசைப் பக்கம் இருக்கின்றன.

பம்பையை மறைக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் அடித்த போட்டோ யாராவது ஒருவர் கைபேசியில் இருக்கும். "வருடத்தில் இத்தனை நாள், ஒரு நாளைக்கு இத்தனை மணி" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதோடு 13 வருட கிரைண்டர் நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு பொய் பிடிபட்டால், நோய் வேலையால் வந்தது என்று சட்டம் கொடுத்த அனுமானத்தைக் காப்பாற்றுவது கடினம்.

இன்னொரு பொறி, காதடைப்பான் பதிவேடு. அறிவிப்பு போனதும் சில முதலாளிகள் ஒரு நோட்டில் பழைய தேதிகளோடு கையெழுத்து வாங்குவார்கள். பாதுகாப்புச் சாதனம் கொடுத்தும் வேண்டுமென்றே போடாதவர் என்று காட்டினால் இழப்பீடு அடிபடலாம். எதையும் வெற்று வரியில் கையெழுத்திடாதீர்கள். கொடுத்த அன்றே, எத்தனை ஜோடி என்று எழுதி, தேதி போட்டு வாங்குங்கள். வாங்கினால் போட்டே ஆக வேண்டும்.

எதை வாங்குவது என்பதும் தெரிந்திருக்கட்டும். பஞ்சு வைப்பது வீண். எட்டு மணி நேரத்துக்குத் தொழிற்சாலை வரம்பு 90 டெசிபல், கட்டிங் மெஷின் பக்கம் 100-ஐத் தாண்டலாம். நுரைச் சொருகியின் பாக்கெட்டில் சத்தம் குறைக்கும் அளவான என்.ஆர்.ஆர். 29 என்றால் 29 டெசிபல் குறையும் என்று நினைக்க வேண்டாம். 29-இல் 7-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 11. 100-இலிருந்து 89, அதுவும் சரியாகப் போட்டால். நுரையை மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலே பின்னால் இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். தோடு மாதிரி வெளியே தொங்கினால் பயனில்லை. காதை முழுக்க மூடும் மேல்கூட்டு வகை போட்டால் பாதுகாப்புக் கண்ணாடியின் காம்பு அதைத் தூக்கிவிடும், அந்த இடுக்கில் சத்தம் நுழையும். கண்ணாடி போடுபவரானால் உங்களுக்குச் சொருகியே மேல்.

இப்போது தொகை. பழைய சட்டக் கணக்கில் சம்பளம் 18,000 ஆனாலும் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அதைப் பெருக்கும் காரணி, வயது 42-க்கு, 178.49. முழு இழப்பு என்றால் 16,06,410. உங்களுக்குச் சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைந்ததாக மருத்துவர் மதிப்பிட்டால் 3,21,282. இந்த 20 சதவீதம் ஆடியோகிராம் சதவீதம் அல்ல. "அதே வேலை, அதே சம்பளம், என்ன இழப்பு?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஓவர்டைம் போனதா, அபாயமான மெஷினில் இருந்து மாற்றினார்களா என்பதை மருத்துவரிடமும் மனுவிலும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த எண் 10-க்கும் கீழே போகும்.

நேராகச் சொல்கிறேன், சமரசம் செய்யுங்கள், ஆனால் 50,000-க்கு வேண்டாம். ஆறு பேர் பட்டறை, காப்பீடும் இருக்காது. உத்தரவு வாங்கினாலும் வசூலிக்க வருடம் ஓடும். அறிவிப்பும் ஆடியோகிராமும் கையில் இருந்தால் அவர் இரண்டு, இரண்டரை லட்சத்துக்கு இறங்கி வருவார். வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவில்லாத ஸ்டாம்ப் பேப்பர் அவரைக் காப்பாற்றாது என்பதே உங்கள் பேர பலம். அதை அவர் வக்கீலும் அறிவார்.

பணம் வரும்வரை ராஜினாமா கடிதம் தராதீர்கள், பட்டறைக்கு லீவு எழுதும்போதும் காரணத்தைக் காகிதத்தில் போடுங்கள்.