பறிக்கும் நேரத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்

"எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழு வீடுகளுக்கு நேரடியாகக் காய்கறி தருகிறது. படத்தோடு போடும் குறிப்பில் 'தோட்டத்திலிருந்து நேரடியாக, வாரம் இருமுறை' என்று எழுதுகிறோம். ஆனாலும் எங்கிருந்து வருகிறது, எப்போது வரும் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எப்படி எழுதினால் புரியும்?"

'வாரம் இருமுறை' என்பதில் கிழமை இல்லை. அதனால்தான் கேட்கிறார்கள். கிழமையை முடிவு செய்ய, பறிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சனிக்கிழமை காலை வீடு சேர வேண்டிய கீரையை வெள்ளி மாலை வெயில் தாழ்ந்த பிறகு அறுப்பது நல்லது. உச்சி வெயிலில் அறுத்த கட்டு வழியிலேயே துவண்டுவிடும். எத்தனை கட்டு அறுப்பது என்று உறுப்பினருக்கு வெள்ளி காலையே தெரிய வேண்டும். எனவே ஆர்டர் வியாழன் இரவு முடிய வேண்டும். இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால், கெடு தாண்டி வருபவர்கள் குறைவார்கள்.

'நாளை வருகிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பதிவை ஒருவர் மூன்று நாள் கழித்துப் பார்க்கலாம். அவருடைய நாளை வேறு. கிழமையும் தேதியும் முதல் வரியிலேயே வரட்டும், ஏனென்றால் நீளமான குறிப்பில் மீதி வரிகள் பெரும்பாலும் மடிந்து மறைந்துவிடும்.

எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நம்பிக்கை உடைகிறது. எல்லாவற்றுக்கும் 'இன்று பறித்தது' என்று போடுவது பெரிய தவறு. வெங்காயத்தைப் பிடுங்கிப் பல நாள் உலர்த்தி, கழுத்து இறுகித் தோல் சரசரத்த பிறகே விற்கிறோம். அதைப் புதிதாகப் பிடுங்கியது என்று எழுதினால், வீட்டில் வைத்து அழுகும்போது பழி உங்கள்மீது வரும். தக்காளியும் நிறம் திரும்பும்போதே பறிப்பதுண்டு. குழுவுக்கு வெளியே வாங்கிய பொருள் இருந்தால் அதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இதை மறைத்துத் தெரியவந்தால், மற்ற பொருள்களையும் சந்தேகிப்பார்கள்.

இப்படி ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள்:

"சனி, 14ஆம் தேதி காலை 7 முதல் 10 மணிக்குள் வீட்டுக்கு வரும். ஆர்டர் வியாழன், 12ஆம் தேதி இரவு 8 மணி வரை. அதைப் பார்த்துத்தான் பறிக்கிறோம். கீரை, கத்தரி: எங்கள் உறுப்பினர்களின் வயல், வெள்ளி மாலை பறித்தவை. வெங்காயம்: எங்கள் வயல், உலர்த்திச் சேமித்தது. உருளைக்கிழங்கு: பக்கத்து விவசாயிகளிடம் வாங்கியது. மழையால் கீரை அறுக்க முடியாவிட்டால் வெள்ளி இரவே தகவல் சொல்லி, அதற்கான தொகையைத் திருப்பித் தருவோம்."

அந்த மழை வரியை விட்டுவிடாதீர்கள். ஈரத்தோடு கட்டிய கீரை இரவுக்குள் சூடேறி, உள்ளிலைகள் வழவழத்துப் போகும். வெளியிலை பச்சையாகத் தெரிந்தாலும், கட்டின் நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்பு தெரியும். அப்படி இருந்தால் அனுப்பாதீர்கள்.