ஜாஸ்பரில் இப்போது மணி என்ன?

மகள் அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் ஜாஸ்பர் என்ற சின்ன ஊரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஒருவர் கிழக்கு நேரம் என்கிறார், இன்னொருவர் மத்திய நேரம் என்கிறார். எதை நம்புவது?
– தண்டையார்பேட்டை வாசகி

கிழக்கு நேரம்தான். மத்திய நேரம் என்றவரும் சும்மா சொல்லியிருக்க மாட்டார். இண்டியானாவில் ஜாஸ்பர் என்று ஓர் ஊரும் உண்டு, ஜாஸ்பர் கவுன்ட்டி என்று ஒரு மாவட்டமும் உண்டு. ஊர் இருப்பது தெற்கே டுபாய்ஸ் கவுன்ட்டியில். அங்கே கிழக்கு நேரம். ஜாஸ்பர் கவுன்ட்டி வடமேற்கு மூலையில். அங்கே மத்திய நேரம். நாக்ஸ் என்ற ஊரில் இதே கதை தலைகீழ்: ஊரில் மத்திய நேரம், நாக்ஸ் கவுன்ட்டியில் கிழக்கு நேரம்!

அதனால் ஊர்ப் பெயரோடு நிற்காதீர்கள். மகளின் முகவரியில் உள்ள ஜிப் கோடைத் தேடுங்கள். 47546 என்று போட்டால் Dubois County என்று வரும். அடுத்து அந்த கவுன்ட்டியின் நேர மண்டலத்தைத் தேடுங்கள். அங்கே மண்டல எல்லை பெரும்பாலும் கவுன்ட்டி எல்லையை ஒட்டியே போகும். இண்டியானாவின் 92 கவுன்ட்டிகளில் 12 மட்டுமே மத்திய நேரம். சில மாநிலங்களில் ஒரே கவுன்ட்டி இரண்டாகப் பிரிந்திருப்பதும் உண்டு. ஆரிகனில் மல்ஹ்யூர் கவுன்ட்டி அப்படி. அங்கே ஊரையே தனியாகப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் கிழக்கே இருந்தால் கிழக்கு நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். ஜாஸ்பருக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில், உங்களுக்குக் கும்மிடிப்பூண்டியைத் தாண்டும் தூரத்தில், டெல் சிட்டி இருக்கிறது. அது ஜாஸ்பரைவிடச் சற்றுக் கிழக்கே இருந்தும் மத்திய நேரம். போன் நம்பரின் ஏரியா கோடும் உதவாது. 812 இரண்டு மண்டலத்திலும் வரும்.

பழைய பட்டியல்களும் காலை வாரும். டுபாய்ஸ் கவுன்ட்டி 2006 ஏப்ரலில் மத்திய நேரத்துக்கு மாறி, 2007 நவம்பரில் கிழக்கு நேரத்துக்கே திரும்பியது. கணினியில் இந்த வட்டாரத்துக்குத் தனிப் பெயர் இருப்பது அதனால்தான்:

```
TZ=America/Indiana/Vincennes date
```

இந்தக் கட்டளை லினக்ஸ், மேக் கணினிகளில் ஓடும். போனில் உலகக் கடிகாரத்தில் நியூயார்க்கைச் சேர்த்தாலே போதும், இரண்டும் இப்போது ஒரே நேரம்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கோடை நேரம். அப்போது ஜாஸ்பர் நமக்கு 9.30 மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் 10.30. கோடையில் நீங்கள் காலை 6 மணிக்குக் கூப்பிட்டால் அவளுக்கு முந்தின நாள் இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. மத்திய நேர ஊர்களுக்குக் கோடையில் வித்தியாசம் 10.30. ஆகவே யாராவது "பத்தரை மணி வித்தியாசம்" என்றால், எந்த மாதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.