கூடுதலாக வந்ததாகச் சொல்லும் பணத்தைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: மதுரையில் வீட்டிலேயே முறுக்கு, சீடை, அதிரசம் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து விற்கிறேன். போன வாரம் ஒருவர் 1,850 ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்து, பணம் போட்டுவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பச்சை டிக் இருந்தது. நம்பி, ஆட்டோவில் வந்தவரிடம் பலகாரத்தைக் கொடுத்துவிட்டேன். பணம் வரவே இல்லை. இன்று வேறொருவர் 300 ரூபாய்க்கு ஆர்டர் சொல்லிவிட்டு, "தெரியாமல் 3,000 போட்டுட்டேன் அக்கா, மீதி 2,700-ஐ இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க" என்கிறார். என் போனுக்கு மெசேஜும் வந்திருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவசரப்படுத்தினால், "கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் போடுங்கள். உண்மையில் தவறாக அனுப்பியவர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

முதலில் அந்த மெசேஜைத் திறந்து பாருங்கள். உங்கள் வங்கி இதற்கு முன் அனுப்பிய செய்திகள் எல்லாம் உங்கள் போனில் ஒரே வரிசையாக இருக்கும். இந்த மாதச் செய்திக்கு மேலே போன மாதச் செய்தி, அதற்கு மேலே அதற்கு முந்தையது. 3,000 ரூபாய்ச் செய்தி அந்த வரிசையில் வந்து சேர்ந்திருக்கிறதா, அல்லது புதிதாகத் தனியே திறந்திருக்கிறதா? அனுப்பியவர் என்ற இடத்தில் சாதாரண 10 இலக்கக் கைபேசி எண் தெரிந்தால், அது வங்கி அனுப்பியதில்லை. வங்கியின் செய்தி நடுவே கோடு போட்ட ஆங்கில எழுத்துத் தலைப்பில் வரும். இப்போதெல்லாம் அதன் கடைசியில் -S அல்லது -T என்றும் இருக்கும். "கணக்கில் 3,000 வரவு" என்ற வாசகத்தை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து உங்களுக்கு அனுப்பலாம். அதில் உள்ள கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பல நேரம் அங்கேயே பொய் தெரிந்துவிடும்.

ஆனால் மெசேஜ் அசலாகத் தெரிந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள். வங்கியின் சொந்த ஆப்பைத் திறந்து ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். காலையில் இருப்பு 4,212 ரூபாய், அதன்பின் செலவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 3,000 வந்திருந்தால் 7,212 இருக்க வேண்டும், வரவுப் பக்கத்தில் அந்த வரியும் இருக்க வேண்டும். இன்னும் 4,212-தான் என்றால் வந்தது வெறும் மெசேஜ் மட்டும். அதை நம்பி அனுப்பியிருந்தால் 300 ரூபாய்ப் பலகாரத்தோடு உங்கள் கைக்காசு 2,700-உம் போயிருக்கும். கூகுள் பே, போன்பே வரலாற்றை மட்டும் நம்பாமல் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் உங்களுடைய வேறொரு யுபிஐ ஐடிக்குப் பணம் போட்டிருந்தால் அது இந்த ஆப்பில் தெரியாமல் போகலாம். வங்கிக் கணக்கில் எல்லாமே தெரியும். அன்றைக்கு நெட் இல்லையென்றால், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# அழுத்தி இருப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, 3,000 உண்மையிலேயே வந்திருந்தால்? அப்போதும் "இந்த நம்பருக்கு" அனுப்பக் கூடாது. உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த வார்த்தைதான்.

நான் வங்கிக் கிளையில் யுபிஐ புகார்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு டிபன் கடைக்காரர் வந்தார். காய்கறிக்காரருக்கு அவர் அனுப்பிய பணம் போகவில்லை, கணக்கு முடங்கியிருந்தது. விசாரித்தால், சில வாரங்களுக்கு முன் யாரோ 8,000 ரூபாய் "தவறாக" அனுப்பியிருக்கிறார்கள். பிறகு அழைத்து வேறொரு எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். இவரும் நல்ல மனதோடு அந்த எண்ணுக்குத் திருப்பிப் போட்டிருக்கிறார். அந்த 8,000 வேறு மாநிலத்தில் ஒருவரிடமிருந்து ஏமாற்றிப் பிடுங்கிய பணம். பறிகொடுத்தவர் சைபர் போலீசில் புகார் கொடுக்க, பணம் போன வழியில் இரண்டாவதாக இருந்த கணக்கு இவருடையது. அவர் குற்றம் செய்யவில்லைதான். ஆனால் திருட்டுப் பணத்தை ஒரு கையில் வாங்கி இன்னொரு கைக்குக் கொடுத்த கணக்காகத்தான் அது காகிதத்தில் தெரிந்தது. அதைத் தெளிவுபடுத்தும்வரை அவர் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

அதனால் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே போக வேண்டும். உங்களிடம் கடைக்கான கியூஆர் இருந்து, அந்த வணிக ஆப்பில் ரீஃபண்ட் வசதியும் இருந்தால், அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அதிலிருந்தே ரீஃபண்ட் கொடுங்கள். வந்த பணமும் போன பணமும் அப்போது ஒரே பரிவர்த்தனையோடு சேர்ந்து தெரியும். நீங்களாகத் தனியே அனுப்பினால் இரண்டுக்கும் தொடர்பே இருக்காது. சிலர் உங்களிடம் கையோடு வாங்கிக்கொண்டு, தம் வங்கியிலும் "பணம் எடுத்தார்கள், பொருள் வரவில்லை" என்று புகார் போட்டு இரண்டாவது முறையும் கேட்பார்கள். அப்போது காட்ட உங்கள் கையில் சான்று வேண்டும். கடை கியூஆர் இல்லாமல் சாதாரணக் கணக்கில்தான் வாங்குகிறீர்கள், அனுப்பியவரும் உங்களுக்குத் தெரியாதவர் என்றால், "உங்கள் வங்கியில் தவறான பரிமாற்றம் என்று புகார் கொடுங்கள், வங்கி என்னிடம் கேட்டதும் சம்மதம் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அதுவரை அந்த 2,700-ஐச் செலவு செய்யாமல் வையுங்கள், அது உங்கள் பணம் இல்லை.

அப்புறம், "ரீஃபண்ட் வாங்க இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பின் போடும் பெட்டிக்கு மேலே தொகையும் ஒரு பெயரும் தெரிந்தால், அந்தத் தொகை உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

இனி அந்த 1,850. ஸ்கிரீன்ஷாட்டை உற்றுப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுத்து வடிவம், டிக்கின் நிறம் என்று தேடுவதை விட்டுவிடுங்கள் என்பேன். பெயரையும் தொகையையும் கொடுத்தால் அசல் போலவே திரையைக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. நேரில் நின்று காட்டும்போது ஒலியும் வரும். அதுவும் போக, ஸ்கிரீன்ஷாட் அசலாகவே இருந்தாலும் அதனால் பயன் இல்லை. அது அவருடைய போனில் நடந்ததைச் சொல்கிறது. உங்கள் பெயர் கொண்ட வேறொருவருக்குப் போயிருக்கலாம், போன மாதம் எடுத்த படத்தில் தேதியை வெட்டியிருக்கலாம், பணம் நடுவழியில் நிற்கலாம்.

ஆகவே படத்துக்குப் பதிலாக எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு யுபிஐ பரிவர்த்தனைக்கும் யுடிஆர் என்ற 12 இலக்க எண் உண்டு. "யுடிஆர் நம்பரை டைப் பண்ணி அனுப்புங்க" என்று சொல்லி, அதே எண் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் வரவுப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணும் தொகையும் தேதியும் சேர்ந்தால்தான் பெட்டியை மூடுங்கள். அவர் எண் கொடுத்துவிட்டார், உங்கள் பக்கம் அது இல்லை என்றால், பணம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"என் அக்கவுண்ட்ல கட் ஆயிடுச்சே" என்று அவர் சொல்வது சில நேரம் உண்மையாகவே இருக்கும். அப்படி நடுவில் நின்ற பணம் தானாக அவர் கணக்குக்கே திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியதானால் மறுநாளுக்குள், கடை கியூஆருக்கு அனுப்பியதானால் 5 நாட்களுக்குள். இது ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட விதி. தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடும் உண்டு. அந்தச் சுமையை நீங்கள் பலகாரத்தைக் கொடுத்துத் தாங்க வேண்டியதில்லை. "கணக்கில் ஏறியதும் ஆட்டோவை அனுப்பச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், பழகின வாடிக்கையாளர் காத்திருப்பார். வாசலில் ஆட்டோ நிற்கும்போது மறுத்துப் பேசுவது சங்கடம்தான். அதனால் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பணம் வந்தாக வேண்டும் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வியாபாரப் பணத்துக்கு வீட்டுக் கணக்கிலிருந்து தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்மென்ட்டில் தேடுவதும் எளிது, எப்போதாவது அந்தக் கணக்கு முடங்கினாலும் கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் காசு இருக்கும்.

போன வாரம் ஏமாற்றியவர் மேல் புகார் கொடுங்கள். இதில் ஒரு வேறுபாடு உண்டு. 1930 என்ற உதவி எண், கணக்கிலிருந்து வெளியே போன பணத்தை வழியிலேயே நிறுத்த முயல்வதற்கு; 2,700-ஐ ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே அதை அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும். 1,850 விஷயத்தில் உங்கள் கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை, நிறுத்துவதற்குப் பணமே இல்லை. அது பொருளை ஏமாற்றி வாங்கியது. cybercrime.gov.in தளத்தில் பதிந்து, உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போலிப் படத்தையும் அந்த எண்ணையும் வைத்திருங்கள், அந்த நாளுக்கான வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து இணையுங்கள். ஆட்டோவின் எண் யாருக்காவது நினைவிருந்தால், பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால், புகாரில் அதையும் எழுதுங்கள். போலி எண்ணைவிட அந்த ஆட்டோவைக் கண்டுபிடிப்பது போலீசுக்கு எளிதாக இருக்கலாம்.