லாபம் இருந்தும் கையில் பணம் இல்லாதது ஏன்?

"வீவக புளோக்கின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கணக்கில் லாபம் காட்டுகிறது, வங்கியில் பணம் இல்லையே, ஏன்?"

விற்றுப்போன சரக்கின் விலையிலிருந்து அதன் அடக்கத்தையும் கடைச் செலவையும் கழித்தால் வருவது லாபம். பணம் எந்த நாளில் கைமாறியது என்பதை அது பார்ப்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒன்றில் விற்பனை 20,000 வெள்ளி, அடக்கம் 15,000, வாடகையும் சம்பளமும் 4,000 என்றால் லாபம் 1,000. ஆனால் அதே மாதம் பண்டிகைக்கென்று கூடுதலாக 5,000 வெள்ளிக்கு நெய்யும் பருப்பும் ரொக்கத்துக்கு வாங்கி அடுக்கி, அந்த 20,000 வெள்ளி விற்பனையில் 2,000 வெள்ளிச் சரக்கைச் சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருவருக்குக் கடனாகவும் கொடுத்திருந்தால், வங்கியிருப்பு 6,000 வெள்ளி குறைந்திருக்கும். அடுக்கிய நெய் விற்கும்வரை செலவாகப் பதிவாகாது. கடனோ, காசு வராமலேயே விற்பனையில் சேர்ந்துவிட்டது. மாதக் கடைசியில் சரக்கையும் பாக்கி நோட்டையும் கூட்டிப் பாருங்கள். சென்ற மாதத்தைவிடக் கூடியிருக்கும் தொகையில்தான் பெரும்பாலும் உங்கள் பணம் முடங்கியிருக்கிறது.