சீனியருக்கு மெயில் போட்டும் பதில் இல்லை

"எங்கள் கல்லூரியில் படித்து இப்போது கட்டட வடிவமைப்பில் இருக்கும் சீனியருக்கு, 'கைடு பண்ணுங்க சார்' என்று ரெஸ்யூமேயோடு மெயில் போட்டேன். பத்து நாளாகப் பதில் இல்லை. என்ன செய்வது?"

அதே மெயிலுக்கு ரிப்ளையாக இன்னொன்று அனுப்புங்கள். ரெஸ்யூமே வேண்டாம். அது இருந்தாலே வேலைக்குச் சிபாரிசு கேட்கிறீர்கள் என்றுதான் படும். 'கைடு பண்ணுங்க' என்பதற்கு எங்கிருந்து பதில் தொடங்குவதென்று அவருக்கும் தெரியாது, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருப்பார்.

இப்படி எழுதுங்கள்:

"சார், நான் சிவில் மூன்றாம் ஆண்டு. நீங்கள் சைட் வேலையிலிருந்து டிசைனுக்கு மாறியதைப் பார்த்தேன். டிசைனுக்குப் போக முதலில் சைட் அனுபவம் வேண்டுமா என்று கேட்க 15 நிமிடம் போனில் பேச முடியுமா? செவ்வாய் அல்லது வியாழன் மாலை 7 மணிக்கு மேல் எனக்கு வசதி. உங்களுக்கு ஏற்ற நேரம் வேறு இருந்தாலும் சரி."

அனுப்பும் முன் போனில் திறந்து பாருங்கள். 'வியாழன் 7.30 சரி' என்று ஒரே வரியில் அவரால் பதில் போட முடிய வேண்டும். முடியாதென்றால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது.

பேச்சு கிடைத்தால் 15-வது நிமிடத்தில் நீங்களே நேரத்தை நினைவுபடுத்துங்கள். தொடர்வதா என்பதை அவர் சொல்லட்டும். வேலை கேட்காதீர்கள். இதற்கும் பதில் வராவிட்டால் மூன்றாவது மெயில் வேண்டாம், வேறொரு சீனியரைப் பாருங்கள்.